எட்டு வீட்டு வைஃபையும் ஒரு மாடிப்படியும்

மந்தைவெளியில், வசந்தா ஃப்ளாட்ஸில், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் ஒரு சதுரத் தரை இருக்கிறது. மதியம் ஒன்றரை மணிக்கு அங்கே போனால் முனியம்மாளைப் பார்க்கலாம். காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, மடியில் டிபன் பாக்ஸும் கையில் போனுமாக உட்கார்ந்திருப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவளுடைய சாப்பாட்டுக் கூடம். யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை. உள்ளே வராதே என்றும் இப்போதெல்லாம் யாரும் சொல்வதில்லை. முதல் வருஷம் ஒரு வீட்டில் ஒரு அம்மாள் முகம் சுளித்தாள், அவ்வளவுதான். "உங்க சோபாவும் வாணாம், உங்க ஃபேனும் வாணாம்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு படிக்கு வந்தவள், அந்த அம்மாள் வீட்டை விற்றுக்கொண்டு போன பிறகும் படியை விடவில்லை. ரோஷம் என்றால் முனியம்மாளிடம் கடன் வாங்க வேண்டும்.

அவள் பிறந்து வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மயிலாப்பூர் கால்வாய்க்கரையில். புருஷன் நாகராஜ் நொச்சிக்குப்பத்திலிருந்து சந்தைக்கு மீன்பாடி வண்டி ஓட்டியவன். கரையில் இருந்த வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது அவர்களும் போனார்கள். எட்டாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. கால்வாயும் கொசுவும் போயின, கூப்பிடு தூரத்து மனுஷர்களும் போனார்கள். ஆனால் வேலை மந்தைவெளியில்தான். விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஏழு மணிக்கு வசந்தா ஃப்ளாட்ஸ் கேட்டைத் திறந்துவிடுவாள். பெரும்பாக்கத்தில் தூங்குகிறாளே தவிர, அவள் வாழ்வது இன்னமும் மயிலாப்பூரில்தான்.

அந்தக் கட்டடத்தில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். அதில் எட்டு வீடுகளில் ஏதாவது ஒரு காலத்தில் அவள் பாத்திரம் தேய்த்திருக்கிறாள், இப்போது நான்கில். அந்த எட்டு வீட்டு வைஃபையும் அவள் போனில் இருந்தது. அது எப்படி வந்தது என்றால், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வசதிக்காகக் கொடுத்தது. நாளைக்கு ஊரில் இல்லை, வராதே என்று வாட்ஸ்அப்பில் சொல்ல. வாங்கி வர வேண்டிய காய்க்குப் படம் அனுப்ப. ஒரு வீட்டில் யூட்யூபைப் பார்த்து மோர்க்குழம்பு வைக்கச் சொல்ல. காபிக்குத் தனி டம்ளர் வைத்திருந்த வீட்டுக்காரர்கள்கூட வைஃபைக்குத் தனி டம்ளர் வைக்கவில்லை. போனை வாங்கி, தாங்களே பாஸ்வேர்டைப் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அந்த வகையில் காலம் முன்னேறித்தான் இருக்கிறது.

போனும் ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான். மூன்றாவது மாடி அச்யுத், புதுசு வாங்கியபோது பழையதைத் துடைத்துக் கொடுத்தான். சிம்முக்கு அவள் போடுவது சின்ன ரீசார்ஜ். அதில் ஒரு நாளைக்கு வருகிற நெட்டைக் காலையில் பஸ்ஸிலேயே சீரியல் பார்த்துத் தீர்த்துவிடுவாள். அதன்பின் சிம் நெட் நத்தையாக ஊரும். ஆகவே வீடியோவில் பேச வேண்டுமென்றால் இந்தக் கட்டடத்து வைஃபைதான் கதி.

பேச வேண்டியவள் மகள் மணிமொழி. குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அங்கே பதினோரு மணி டீ இடைவேளை, இங்கே மதியம் ஒன்றரை. ராத்திரி பேசலாம் என்றால் ஆறு பெண்கள் படுக்கிற அறை அது. மனசு விட்டு ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால் வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணிக்கு, படியில் உட்கார்ந்து அம்மா, ஆஸ்பத்திரி மாடியில் நின்று மகள்.

அந்தப் பேச்சும் சும்மா வந்ததில்லை. போன ஆடி மாசம் நாகராஜ் இறந்துபோனான். நெஞ்சு வலி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள். மணிமொழிக்கு லீவு கிடைக்கவில்லை. அவளால் வர முடியவில்லை. காரியம் எல்லாம் முடிந்த அன்று அவள் போன் செய்தபோது முனியம்மாள் சொன்னாள்: "உனக்கு அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல. அங்கயே கெட." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எட்டு மாசம் இரண்டு பேரும் பேசவில்லை. பங்குனியில் மகள்தான் முதலில் கூப்பிட்டாள். சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி என்று தொட்டும் தொடாமலும் ஆரம்பித்தது. நாலாவது நிமிஷத்தில் மணிமொழி மெல்லக் கேட்டாள்: "அம்மா, அப்பா கடைசில என்னைய கேட்டாரா?"

முனியம்மாள் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டாள். அந்த முதல் தடவை அமுக்கியது அவள்தான், அதில் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு மகள் நாலு முறை கூப்பிட்டாள். நாலு முறையும் அந்தக் கேள்வியின் பக்கம் பேச்சு போகிறபோதோ, அதைத் தாண்டியோ, படம் உறைந்து, குரல் அறுந்து, அழைப்பு செத்துப்போனது. முனியம்மாள் உடனே போனின் மேல்பக்கம் பார்ப்பாள். வைஃபை குறி முழுசாக, பட்டை பட்டையாக நிற்கும். "நெட்டு நல்லாத்தான கீது. அவதான் கட் பண்ணிட்டா. அன்னிக்கி நான் பண்ணதுக்குப் பதிலு" என்று நினைத்துக்கொள்வாள். நெட் கோளாறு என்றால் மறுபடி கூப்பிட மாட்டாளா? கூப்பிடட்டும் பார்க்கலாம் என்று இவள் காத்திருப்பாள். அங்கே மாடியில் நின்று மகளும் அதையேதான் நினைத்திருக்கிறாள். ஆளுக்கு ஒரு பக்கம் வீம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் பதினைந்து நிமிஷ இடைவேளை எத்தனை நேரம் தாங்கும்?

சித்திரை பிறந்து இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, நாலாவது அழைப்பும் அறுந்தது. அரைமணி கழித்து மகளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மூன்றாவது மாடியில் வாளியும் துடைப்பமுமாக நின்றபடி முனியம்மாள் அதைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"அம்மா, என்னோட ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் முடியுது. வியாழக்கிழமை சாயந்தரத்துக்குள்ள திரும்பவும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போடணும், இல்லன்னா வரேன்னு சொல்லணும். நான் வர்றதா வாணாமான்னு உன்னாண்டதான் கேக்கலாம்னு நெனச்சேன். ஆனா நான் அப்பாவ பத்தி வாய தொறந்தாலே நீ கட் பண்ற. வியாழக்கிழமை ஒன்ற மணிக்குக் கடைசியா ஒரு வாட்டி கூப்பிடுவேன். அப்பவும் நீ கட் பண்ணா, நான் கையெழுத்து போட்டுடுவேன். அப்பால உன்ன தொந்தரவு பண்ண மாட்டேன்."

"நான் கட் பண்றனா?" என்று முனியம்மாள் காலி வராந்தாவைப் பார்த்துக் கேட்டாள். "நானாடி கட் பண்றேன்?" கோபம்தான் முதலில் வந்தது. வாளித் தண்ணீரைக் கொட்டித் தரையை ஒரு தேய் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கோபம் கரைந்து அடியில் பயம் தெரிந்தது. நான் கட் பண்ணவில்லை, என்னைச் சொல்கிறாள் என்றால் அவளும் கட் பண்ணவில்லை, பின்னே யார்தான் கட் பண்ணுவது?

மறுநாள் புதன்கிழமை லாரன்ஸ் வந்தான். இரண்டாவது மாடி சரோஜாதேவி வீட்டில் டிவி சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று புகார் சொன்னதால் வந்த பிராட்பேண்ட் ஆள். நொச்சிக்குப்பத்துக்காரன், நாற்பது தாண்டியவன். நாகராஜின் மீன்பாடி வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். வேலையை முடித்துக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடிக் கம்பியையும் ஒரு பார்வை பார்க்கப் படியேறியவனை முனியம்மாள் வழிமறித்தாள்.

"யோவ் லாரன்சு, இன்னா நெட்டு குடுக்கறீங்க நீங்க? எம் பொண்ணாண்ட நாலு வார்த்த பேச முடில. அறுந்து அறுந்து போவுது. எட்டு வூட்டு நெட்டு கீது என் போன்ல, ஒண்ணாவது உருப்படியா கீதா?"

"எட்டா?" லாரன்ஸ் நின்றுவிட்டான். "யக்கா, எங்க கம்பெனி முதலாளிகிட்டகூட எட்டு கனெக்சன் இல்ல. குடு, பாக்கறேன்."

அவளுக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தான். ஒரு வீடியோவை ஓடவிட்டு, வைஃபை பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் சரோஜாதேவி வீட்டுப் பெயருக்கு நேரே 'கனெக்டட்' என்று நின்றது. பிறகு அது மறைந்து கஸ்தூரிரங்கன் என்ற பெயரின் பக்கத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் அச்யுத். அப்புறம் எதுவும் இல்லாமல் சிம் நெட். பிறகு திரும்ப சரோஜாதேவி. ஒவ்வொரு தடவை தாவும்போதும் வீடியோ நின்று சுற்றியது.

"பாத்தியா? நெட்டு மேல தப்பு இல்ல, உம் பொண்ணு மேலயும் தப்பு இல்ல. உன் போனு எட்டு வூட்டு வாசல்லயும் ஒவ்வொரு கால வச்சிக்கினு நிக்கிது. நீ உக்காந்துக்கினு கீற எடம் எல்லா வூட்டுக்கும் நடுவுல, செவுத்துக்குப் பின்னால. எல்லா சிக்னலும் இங்க சவலைதான். ஒண்ணு கொஞ்சம் கொறஞ்சா உடனே அடுத்ததுக்குத் தாவுது. அது வேற வூடு, வேற கனெக்சன். தாவுற நேரத்துல பேசிக்கினு இருந்த பேச்சு அறுந்து போவுது. தாவி முடிச்சதும் புதுசா புடிச்சதோட பட்ட முழுசா தெரியுது. நீ அத பாத்துட்டு நெட்டு நல்லா கீதுன்னு நெனச்சிக்கற."

நாலு செவ்வாய், வியாழன்கள் முனியம்மாளின் கண்முன் வந்து போயின. ஒவ்வொன்றிலும் மகளைத் திட்டியது நினைவு வந்தது.

"யாரு அத தாவ சொன்னது?" என்று கடைசியில் கேட்டாள்.

"ரெண்டு பேரு. ஒண்ணு, சேத்து வச்ச ஒவ்வொரு வைஃபையிலயும் ஆட்டோ கனெக்ட்னு ஒண்ணு ஆன்ல கீது. கிட்ட வந்தாலே தானா ஒட்டிக்கும். இன்னொண்ணு இதோ, வைஃபை அசிஸ்டென்ட். இதுல பாரு, எது நல்லா கீதோ அதுக்குத் தானா மாறுன்னு ஒரு சுவிட்சு. வைஃபை வீக்கா இருந்தா சிம் நெட்டுக்கு மாறுன்னு இன்னொரு சுவிட்சு. உதவி பண்றேன்னுதான் வருது. நாலு வூட்டுப் பஞ்சாயத்தையும் இழுத்துக்கினு வர்ற மாமியார் மாதிரி."

"அத மொதல்ல நிறுத்து."

அந்த இரண்டு சுவிட்சையும் அணைத்தான். "வெளிய போனா சிம் நெட்டு எப்பவும் போல வரும், அதுக்கு ஒண்ணும் ஆவாது. வைஃபை இருக்கும்போது நடுவுல தாவாது, அவ்ளோதான்" என்றான். பிறகு சேமித்த பெயர்களின் வரிசையைத் திறந்தான். "இப்ப இதுல ஒண்ண மட்டும் வச்சிக்கினு மீதி ஏழையும் ஃபர்கெட் குடுத்து அழிச்சிடவா?"

"அழிக்காத" என்று அவன் கையைப் பிடித்துவிட்டாள் முனியம்மாள். ஏன் பிடித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எந்தப் பெயர் எந்த வீடு என்று லாரன்ஸ் வாசிக்க வாசிக்க அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல இருபத்திரண்டு வருஷம் அந்தப் படியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் பெயர் அம்பி. முதல் மாடி. அவள் வேலைக்கு வந்த காலத்தில் அவளுக்குத் தெரிந்து அந்த வீட்டுப் போன் ஒன்றுதான் போன். கறுப்பாக, கனமாக, துணி போர்த்தி வைத்திருப்பார்கள். நாகராஜுக்கு ஏதாவது அவசரமென்றால் சந்தைப் பக்கம் ஒரு கடையிலிருந்து அதற்குத்தான் கூப்பிடுவான். அம்பியின் அம்மா பால்கனியில் நின்று, "முனியம்மா, உங்காத்துக்காரர் லைன்ல இருக்கார், கையைத் துடைச்சுண்டு ஓடி வா" என்று கூப்பிடுவாள். கால்வாய்க்கரையில் இருக்கிற நாகராஜை ஆத்துக்காரர் என்று சொன்ன ஒரே மனுஷி. முனியம்மாள் சோப்புக் கையோடு இரண்டு மாடி ஓடி இறங்குவாள். விஷயம் ஒன்றும் இருக்காது. "சும்மாதான் புள்ள, உன் கொரல கேக்கலாம்னு" என்பான் அந்தப் பாவி மனுஷன். ஒரே போன், ஒரே கம்பி. அது எங்கே தாவப்போகிறது?

இரண்டாவது பெயர் கஸ்தூரிரங்கன். மூன்றாவது மாடி. மணிமொழி பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கேதான் வருவாள். இதே சதுரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். ரிடையர் ஆன கணக்கு வாத்தியார் கஸ்தூரிரங்கன் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் ஒரு கணக்கை வாயால் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது விடை இருக்க வேண்டும். இருந்தால் சட்டைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளை கேமராவுக்காக வைஃபையை மட்டும் ஓடவிட்டிருக்கிறான். ஆள் போன பிறகும் அவர் பெயர் தினம் மதியம் அவள் போனை வந்து தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"இவரையா நான் அழிக்கறது?" என்றாள் முனியம்மாள்.

இன்னொரு பெயரைக் கேட்டதும் "த்தூ" என்றாள். நாலாவது மாடி. வளையல் காணோம் என்று அவள் பையைக் கொட்டிப் பார்த்த வீடு. பிறகு வளையல் தலையணை உறைக்குள் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, வேலைக்கு மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். போகவில்லை. "இத வாணா அழிச்சிடு" என்றவள், லாரன்ஸ் விரலை வைக்கப் போகும்போது, "இருக்கட்டும், கெடக்கட்டும். அந்த வூட்டு நெட்ட நான் திட்டிக்கினே பாக்கணும்" என்றாள். லாரன்ஸ் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. மாசக்கணக்கில் வராத சிரிப்பு.

"அழிக்கவே வாணாம் யக்கா" என்றான். "பேரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கட்டும். ஆட்டோ கனெக்ட்ட மட்டும் ஒவ்வொண்ணுலயும் ஆஃப் பண்றேன். தானா ஓடி ஒட்டிக்காது. உனக்கு எந்த வூட்டுல வேணுமோ அங்க போயி நீயே அந்தப் பேர தொடு, சேந்துக்கும். ஒண்ணு மட்டும் தானா சேரட்டும். எது?"

சரோஜாதேவி வீட்டைச் சொன்னாள். ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து அந்தச் சுவிட்சை அணைத்தான். பிறகு திரும்பவும் வீடியோவை ஓடவிட்டார்கள். இப்போது பெயர் மாறவில்லை. ஆனால் படியில் அந்த ஒரே வைஃபைக்கு ஒற்றைப் பட்டைதான். படம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது.

"தாவறத நான் நிறுத்திட்டேன். சிக்னல இஸ்து இங்க கொண்டாந்து விட என்னால முடியாது. ஒரே வூட்ட நம்பினன்னா அந்த வூட்டு உள்ள போயி, வைஃபை பொட்டி பக்கத்துல உக்காந்து பேசணும்."

"உள்ளயா?"

"ஹால்ல, டிவி மேல கீது பொட்டி. அதுக்கு எதிர்ல உக்காரு. போதும்."

அவன் போன பிறகு முனியம்மாள் வெகுநேரம் அந்தச் சதுரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்து ரோஷத்தை ஒரு பொட்டிக்காக விடுவதா என்று ஒரு மனசு. வியாழக்கிழமை சாயந்தரம் என்று மகள் சொன்னது இன்னொரு மனசு. அதைவிடக் கஷ்டம் வேறொன்று. இதுவரை அறுந்துபோனதெல்லாம் அவளுக்கு ஒரு சௌகரியமாகவும் இருந்திருக்கிறது. கேள்வி வந்தது, போன் செத்தது, பதில் சொல்ல வேண்டியதில்லை. இனிமேல் அறுகாது. அறுகாத போனில் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது?

வியாழக்கிழமை ஒன்றேகாலுக்கு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி சரோஜாதேவியின் முன் போய் நின்றாள். சரோஜாதேவி தூத்துக்குடிப் பக்கம். புருஷன் சிதம்பரநாதன் தி.நகரில் நகைக்கடை வைத்திருப்பவர். அந்த அம்மாள் அப்போது அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரோஜாம்மா, ஒரு பத்து நிமிசம் உங்க ஹால்ல உக்காந்து எம் பொண்ணாண்ட பேசிக்கறேன்."

"ஏ, பத்து வருசமா நான் என்னத்த சொல்லுதேன்? உள்ள வந்து உக்காந்து சாப்பிடுன்னா நீ கேக்கமாட்டேங்க. இன்னிக்கு மட்டும் என்ன வந்தது?" என்றவள் முனியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். டிவியை அணைத்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு, "நான் அடுக்களைல இருக்கேன். கதவச் சாத்திக்கிடுதேன். நீ நிதானமா பேசு" என்று போய்விட்டாள். சோபாவைக் காட்டிவிட்டுத்தான் போனாள். முனியம்மாள் தரையில், டிவிக்கு எதிரே, சோபாவின் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவளால் அன்று இறங்கி வர முடிந்தது.

ஒன்றரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே போன் அடித்தது. மணிமொழியின் முகம் வந்தது. நீல உடை, கலைந்த தலை, பின்னால் வெயிலில் வெளுத்த வானம். படம் இவ்வளவு தெளிவாக இதுவரை வந்ததில்லை. மகளின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது அம்மாவுக்கு இன்றுதான் தெரிந்தது.

"சாப்டியா?"

"டீ குடிச்சேன். எங்க இருக்க நீ? படி மாதிரி தெரியல."

"சரோஜாம்மா வூட்டு ஹாலு."

"நீயா? உள்ளயா?" மணிமொழிக்கு நம்ப முடியவில்லை.

"அத அப்பால சொல்றேன்." முனியம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இத்தன நாளா நீ கட் பண்றன்னு நான் நெனச்சேன். நான் கட் பண்றேன்னு நீ நெனச்ச. ரெண்டு பேரும் இல்ல. இந்தப் போனு வூடு வூடா தாவிக்கினு இருந்துச்சாம். நேத்து லாரன்சு வந்து சரி பண்ணிட்டுப் போனான். மொதல் தபா மட்டும் நான்தான் கட் பண்ணேன். அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"தெரியும்" என்றாள் மகள். கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு, "அப்போ இப்ப கேக்கலாமா?" என்றாள்.

முனியம்மாள் தலையாட்டினாள்.

"அப்பா கடைசில என்னைய கேட்டாரா?"

முனியம்மாள் போனின் மேல்பக்கம் பார்த்தாள். பெயர் மாறவில்லை, பட்டை குறையவில்லை. இப்போதாவது அறுந்துபோகாதா என்று ஒரு நொடி ஏங்கியது உண்மை. மணிமொழியின் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஹால் கடிகாரம் சத்தம் போட்டது. அடுக்களையில் அரிசி முறத்தில் புரள்கிற ஓசை நின்றுவிட்டது.

"அம்மா, நெட்டு போயிடுச்சா?"

"இல்ல. நான்தான் பேசாம கீறேன்."

"பேசும்மா."

"கேட்டாரு" என்றாள் முனியம்மாள். "ரெண்டாம் நாளு சாயந்தரம். 'மணிக்குப் போன் போடு புள்ள, கொரல கேக்கணும்'னாரு. நான் போடல. அவ டூட்டில இருப்பா, உன்ன இந்தக் கோலத்துல பாத்தா அழுவா, காலைல போடலாம்னு சொன்னேன். சரின்னாரு. உங்கப்பன் எதுக்கு எங்கிட்ட சரின்னு சொல்லாம இருந்திருக்காரு? காலைல ஆளு இல்ல. நீ வரலன்னு உன்ன திட்டுனேனே, அது உன்ன இல்லடி. நான் போடலியே, அத யாராண்ட சொல்றது? எடுத்து உன் தலைல போட்டேன்."

சொல்லிவிட்டாள். ஒன்பது மாசமாக அவள் பெரும்பாக்கத்துக்கும் மந்தைவெளிக்கும் சுமந்துகொண்டு அலைந்தது அதுதான். எந்த வீட்டுப் பாத்திரத்திலும் தேய்த்துக் கரைக்க முடியாதது.

இப்போது அந்தப் பக்கம் சத்தமில்லை. மணிமொழியின் முகம் அப்படியே நின்றது. உறைந்துவிட்டதா? முனியம்மாளுக்கு உயிரே போய்விட்டது. இவ்வளவையும் சொன்ன பிறகு கட் ஆகிவிட்டதா, அல்லது கேட்டுவிட்டு அவளே வைத்துவிட்டாளா? அவசரமாக மேலே பார்த்தாள். அழைப்பின் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. மகளின் தோளுக்குப் பின்னால் ஒரு புறா சுவரில் வந்து உட்கார்ந்தது. படம் உறையவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல்.

"மணி?"

"இருக்கேன்." மூக்கை உறிஞ்சினாள். "இத நீ ஒருத்தியேவா வச்சிக்கினு இருந்த இவ்ளோ நாளா?"

முனியம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அவரு கேட்டாருன்றது போதும்மா" என்றாள் மணிமொழி. "கேக்கவே இல்லியோன்னுதான் ஒம்பது மாசமா..." அதை முடிக்கவில்லை. அங்கே யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு மறுபடி போனைப் பார்த்தாள். இப்போது நேரடியாகவே கேட்டாள். "நான் வரட்டுமா, வாணாமா? நீ சொன்னாதான்."

வீம்பு பிடித்தவள் முனியம்மாள். உன் இஷ்டம் என்று சொல்லித்தான் இருபத்தேழு வருஷம் அவளை வளர்த்தாள். கண்ணைத் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள்.

"வந்துடு கண்ணு. என்னால தனியா முடில."

மணிமொழி தலையாட்டினாள். பலமுறை ஆட்டினாள். அங்கே மறுபடி கூப்பிட்டார்கள்.

"டைம் ஆயிடுச்சும்மா. இப்ப நான்தான் வைக்கறேன், போனு இல்ல. சாயந்தரம் ஆபீஸ்ல சொல்லிட்டு நானே திரும்பக் கூப்பிடுவேன்" என்றாள்.

"சரி, வை" என்றாள் முனியம்மாள். மகளின் விரல் சிவப்புப் பொத்தானை நோக்கி வருவதைக் கடைசி நொடிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.